சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஸ்லைடு எண்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பாரம்பரியக் கட்டடங்கள், வீட்டு வாடகை, பள்ளி, கோயில் நிர்வாகம் என்று எதைப் பற்றிப் பேச்சு நடந்தாலும், பேச்சாளர் இப்போதெல்லாம் ஸ்லைடுகளோடுதான் வருகிறார். ஸ்லைடுகள் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, வர முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கூடவே ஸ்லைடுக் கோப்பும் போகும். பட்டர்வொர்த்திலோ நிபோங் திபாலிலோ உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கு ஒரு வரியில் சந்தேகம் வருகிறது என்று வையுங்கள். அந்த வரி எந்த ஸ்லைடிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அவர் கோப்பு முழுவதையும் புரட்ட வேண்டும். பெரும்பாலும் யாரும் புரட்டுவதில்லை. சுருக்கத்தில் இருப்பதை அப்படியே நம்பிக்கொள்வார்கள், அல்லது முழுவதையும் சந்தேகப்படுவார்கள்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், அந்தச் செய்தி இருக்கும் ஸ்லைடின் எண்ணைச் சதுர அடைப்புக்குள் போட்டுவிடுவது:

ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன [3].

படிப்பவர் மூன்றாவது ஸ்லைடைத் திறக்கிறார், தேதி அங்கே இருக்கிறது, வேலை முடிந்தது. பத்திக்கு ஒரு எண் என்றில்லாமல் வாக்கியத்துக்கு ஒரு எண் என்று வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பத்தியின் கடைசியில் [3–9] என்று போட்டால் ஏழு ஸ்லைடுகளைக் காட்டிவிட்டுத் தேடும் வேலையை மறுபடியும் படிப்பவர் தலையிலேயே கட்டுகிறோம். அந்தப் பத்தியில் ஒரு வாக்கியத்துக்கு ஆதாரமே இல்லாவிட்டாலும் அது தெரியாது. மற்ற வாக்கியங்களோடு சேர்ந்து அதுவும் ஆதாரம் உள்ளதுபோலத் தோன்றும்.

எண் போடுவது என்றால், "இந்த ஸ்லைடைத் திறந்தால் நான் சொன்னது அங்கே இருக்கும்" என்று படிப்பவருக்குச் சொல்வது. "இந்த விஷயத்தைப் பற்றி அந்த ஸ்லைடு பேசுகிறது" என்பது அதைவிட மிகக் குறைந்த வாக்குறுதி. தொடக்கத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் செய்துவிடுகிறார்கள். கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்குகின்றன. ஒரு மாதிரியை எடுத்துப் பார்த்தால் புரியும்.

மாதிரிக் கோப்பு

ஜார்ஜ் டவுனின் பாரம்பரியப் பகுதியைப் பற்றி 12 ஸ்லைடுகள் கொண்ட ஒரு கோப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோப்பு நான் விளக்கத்துக்காக அமைத்தது. அதில் உள்ள தேதிகளும் பரப்பளவும் உண்மையானவை. முதல் ஸ்லைடு தலைப்பு. இரண்டாவது, பேச்சில் என்னென்ன வரும் என்ற பட்டியல். மூன்றாவதில் யுனெஸ்கோ தேதி. நான்காவது ஒரு நிலப்படம். அதில் மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்பு வளையம் 150.04 ஹெக்டேர் என்று எழுதியிருக்கிறது. ஐந்தாவதைப் பேச்சாளர் மறைத்து வைத்திருக்கிறார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆறாவதில் வழிபாட்டு இடங்கள்: கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குவீன் ஸ்திரீட் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். ஏழாவதில் வாடகைக் கட்டுப்பாடு: 1966ஆம் ஆண்டின் சட்டம் போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்தது, 1997இல் அதை நீக்கும் சட்டம் வந்தது, இடைக்கால ஏற்பாடு 1999 முடிவோடு தீர்ந்தது என்று மூன்று வரிகள். எட்டாவது, மையப் பகுதியில் குடியிருப்போர் தொகை ஆண்டுக்கு ஆண்டு இறங்குவதைக் காட்டும் ஒரு கோட்டு வரைபடம். கோட்டின் மேல் எண்கள் எதுவும் எழுதப்படவில்லை. ஒன்பதாவதில் ஹோட்டலாகவும் கோப்பிக் கடையாகவும் மாறிய கடைவீடுகளின் மூன்று படங்கள். மீதி மூன்றும் பரிந்துரை, நன்றி, மூலங்கள்.

இதைப் பார்த்து ஒருவர் முதல் வரைவாக இப்படி எழுதுகிறார்:

"2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்று, 259.42 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் ஜார்ஜ் டவுன், பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் அருகருகே நிற்கும் ஊராகும் [3, 4, 6]. வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதால் மையப் பகுதி மக்கள் வெளியேறினார்கள் [7, 8]. அவர்கள் இருந்த கடைவீடுகளில் பெரும்பாலானவை ஹோட்டல்களாகிவிட்டன [9]."

படிக்க நன்றாக இருக்கிறது, எண்களும் இருக்கின்றன. ஆனால் மூன்று வாக்கியத்திலும் கோளாறு உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வகை.

நீண்ட வாக்கியம், கடைசியில் குவிந்த எண்கள்

முதல் வாக்கியத்தில் தவறான செய்தி எதுவும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு எந்த எண் எதற்கு என்று தெரியாது. தமிழில் எழுதும்போது இது எளிதில் நேரும். "இடம்பெற்று", "விரிந்திருக்கும்", "நிற்கும்" என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போய், முற்றுவினையைக் கடைசியில் வைப்பது நமக்கு இயல்பு. நான்கு செய்திகள் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும், முற்றுப்புள்ளி ஒன்றுதான் இருக்கும். எண்ணை முற்றுப்புள்ளிக்கு முன்னால் போடுவது வழக்கம் என்பதால் எல்லா எண்களும் அங்கே வந்து குவிகின்றன.

தீர்வு, வாக்கியத்தை உடைப்பது. ஒரு ஸ்லைடு தாங்கக்கூடிய செய்திக்கு ஒரு வாக்கியம்:

"ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது [3]. அதன் மையப் பகுதி 109.38 ஹெக்டேர், சுற்றிலும் உள்ள காப்பு வளையம் 150.04 ஹெக்டேர் [4]. பள்ளிவாசலும் கோயில்களும் தேவாலயமும் இந்தப் பகுதியில் உள்ளன [6]."

சில சமயம் உடைக்க மனம் வராது. ஓட்டம் கெட்டுவிடும் என்று தோன்றும். அப்போது எச்சத்துக்குப் பக்கத்திலேயே எண்ணைப் போட்டுவிடலாம்: "2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற [3] ஜார்ஜ் டவுனின் மையப் பகுதி 109.38 ஹெக்டேர் [4]." இது அனுமதிக்கத்தக்கது. ஆனால் ஒரு வாக்கியத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் இப்படிப் போட்டால் கண் தடுக்கும். மூன்றாவது எண் தேவைப்பட்டால் வாக்கியத்தை உடைத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஓட்டம் சற்றுக் குறைந்தாலும் சுருக்கத்துக்கு அது பெரிய இழப்பில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். திருத்திய வடிவத்தில் 259.42 காணாமல் போய்விட்டது. அந்த எண் நான்காவது ஸ்லைடில் இல்லை; எழுதியவர் 109.38-ஐயும் 150.04-ஐயும் கூட்டிப் போட்டிருக்கிறார். கூட்டல் சரிதான். ஆனாலும் படிப்பவர் ஸ்லைடைத் திறந்து 259.42-ஐத் தேடினால் கிடைக்காது. கிடைக்காததும், "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று சந்தேகம் வரும். மொத்தப் பரப்பு தேவை என்றால் கூட்டியதைச் சொல்லிவிட வேண்டும்: "இரண்டும் சேர்ந்து 259.42 ஹெக்டேர் [4, கூட்டியது]." ஒரே ஒரு சொல்தான் கூடுதல். விழுக்காடு கணக்கிட்டாலும், டாலரை ரிங்கிட்டுக்கு மாற்றினாலும், ஏக்கரை ஹெக்டேராக்கினாலும் இதே முறைதான்.

இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே முளைக்கும் காரணம்

இரண்டாவது வாக்கியம்தான் மூன்றிலும் ஆபத்தானது. மறுபடி படியுங்கள்: "வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதால் மையப் பகுதி மக்கள் வெளியேறினார்கள் [7, 8]." இரண்டு எண்கள் இருப்பதால் உறுதியான வாக்கியம்போலத் தெரிகிறது. ஏழாவதைத் திறந்தால் சட்டம் நீங்கிய செய்தி இருக்கிறது. எட்டாவதைத் திறந்தால் தொகை இறங்கும் கோடு இருக்கிறது. ஆனால் அதனால்தான் இது நடந்தது என்பது ஏழிலும் இல்லை, எட்டிலும் இல்லை. "நீங்கியதால்" என்பதில் உள்ள அந்த "ஆல்" இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே, எழுதியவர் மனதில் முளைத்தது.

வாடகைக் கட்டுப்பாடு போனதும் பல பழைய குடும்பங்கள் கடைவீடுகளை விட்டுப் போனது பினாங்கில் பலருக்கும் தெரிந்த கதை. தெரிந்த கதை என்பதாலேயே கை தானாக "ஆல்" போட்டுவிடுகிறது. உலக நடப்பில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாம் எழுதுவது அந்த ஸ்லைடுகளின் சுருக்கம். பேச்சாளர் காட்டாத காரணத்தை அவர் காட்டியதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். சுருக்கத்தைப் படித்த ஒரு மூத்தவர், "சட்டம் போனதாலதான் எல்லாரும் போனாங்கன்னு அவரே சொன்னாரா, தம்பி?" என்று கேட்டால், "ஏழாவதையும் எட்டாவதையும் சேர்த்துப் பாருங்க ஐயா" என்பது பதிலாகாது.

திருத்தம் இப்படி வரும்: "போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது, இடைக்கால ஏற்பாடு 1999 முடிவோடு தீர்ந்தது [7]. மையப் பகுதியில் குடியிருப்போர் தொகை இறங்கிவந்ததை வரைபடம் காட்டுகிறது [8]."

இரண்டு வாக்கியங்களும் பக்கத்தில் நிற்கின்றன. தொடர்பு உண்டா என்று படிப்பவர் யோசித்துக்கொள்வார். பேச்சாளர் வாயால் அந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால், அதையும் விட்டுவிட வேண்டியதில்லை: "சட்டம் நீங்கியதே முக்கியக் காரணம் என்று பேச்சாளர் சொன்னார் [8, பேச்சு]." எட்டாவது ஸ்லைடு திரையில் இருந்தபோது வாய்மொழியாகச் சொன்னது என்று இதற்குப் பொருள். திறந்து பார்த்தால் கிடைக்காது என்பதும் படிப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஸ்லைடின் கீழே பேச்சாளர் தமக்காக எழுதி வைத்திருக்கும் குறிப்புகளிலிருந்து எடுத்தால் [8, குறிப்பு] என்று போடலாம். பி.டி.எஃப் ஆக்கும்போது அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் சேர்வதில்லை. அதனால் வேறுபடுத்திச் சொல்வது அவசியம்.

இந்த வகைக் கோளாறைப் பிடிக்க ஒரு நல்ல பழக்கம் உண்டு. இரண்டு எண்கள் உள்ள வாக்கியங்களை மட்டும் தனியாக எடுத்து, அவற்றில் "ஆல்", "எனவே", "இதன் விளைவாக", "ஆனாலும்", "அதைவிட" போன்ற இணைப்புகளைத் தேடுங்கள். காரணமும் ஒப்பீடும் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இந்த இணைப்பு எந்த ஸ்லைடில் எழுதியிருக்கிறது? எங்கும் இல்லையென்றால் வாக்கியத்தை இரண்டாக்குங்கள்.

படத்தால் தாங்க முடியாத சொல்

மூன்றாவது வாக்கியத்தில் கோளாறு "பெரும்பாலானவை" என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. ஒன்பதாவது ஸ்லைடில் மூன்று படங்கள் இருக்கின்றன. மூன்று படங்களால் மூன்று கட்டடங்களைப் பற்றித்தான் சொல்ல முடியும். அந்தக் கட்டடங்களில் முன்பு யார் இருந்தார்கள், அவர்கள்தான் வெளியேறியவர்களா என்பதும் படத்தில் தெரியாது. ஆகவே: "ஹோட்டலாகவும் கோப்பிக் கடையாகவும் மாறிய சில கடைவீடுகளின் படங்கள் காட்டப்பட்டன [9]."

அளவு சொல்லும் சொற்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். "பெரும்பாலும்", "வேகமாக", "எப்போதும்", "முதன்முறையாக" என்று எழுதியிருந்தால், அந்த அளவு ஸ்லைடில் இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்திலிருந்து எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். எட்டாவது ஸ்லைடில் கோடு இறங்குவது தெரிகிறது, ஆனால் எந்த ஆண்டில் எத்தனை பேர் என்று எழுதவில்லை. திரையில் விரலை வைத்து அச்சோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைக் கணிக்கலாம் என்று தோன்றும். அப்படிக் கணித்த எண்ணைச் சுருக்கத்தில் போட்டால், அடுத்தவர் அதை அச்சடித்த எண்ணாகவே எடுத்துப் பயன்படுத்துவார். "இறங்கிவந்தது" என்று நிறுத்திக்கொள்வதே போதும். தவிர்க்க முடியாமல் எண் வேண்டும் என்றால் "ஏறக்குறைய" என்பதோடு [8, வரைபடத்திலிருந்து கணித்தது] என்று சேர்த்துப் போடுங்கள்.

ஸ்லைடிலேயே பிழை இருந்தால் என்ன செய்வது? குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது. ஆறாவது ஸ்லைடில் கை தவறி 1883 என்று அச்சாகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கத்தில் பேசாமல் 1833 என்று திருத்தி [6] போட்டால், ஸ்லைடைத் திறப்பவர் வேறு எண்ணைப் பார்த்து நாம்தான் தப்பு செய்தோம் என்று நினைப்பார். 1883 என்றே எழுதிவிட்டால் பிழை ஊர் முழுக்கப் பரவும். இரண்டையும் காட்டிவிடுங்கள்: "கோயில் 1833இல் கட்டப்பட்டது [6, ஸ்லைடில் 1883 என்று உள்ளது]." ஸ்லைடு எண் செய்தி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கிறது, அந்தச் செய்தி உண்மையா என்பதற்கு அது பொறுப்பேற்காது.

எந்த எண்ணைப் போடுவது?

கேட்க அற்பமாகத் தோன்றும் கேள்வி இது. ஆனால் நடைமுறையில் எண்கள் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே ஸ்லைடுக்கு இரண்டு மூன்று எண்கள் இருக்க முடியும்: ஸ்லைடின் மூலையில் அச்சாகியிருக்கும் எண், பவர்பாயிண்டின் இடப் பக்கச் சிறுபடங்களுக்கு அருகில் தெரியும் எண், பி.டி.எஃப் கோப்பின் பக்க எண்.

நம் மாதிரியில் ஐந்தாவது ஸ்லைடு மறைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? பவர்பாயிண்டில் `Hide Slide` கொடுத்தால் திரையிடும்போது அந்த ஸ்லைடு வராது, ஆனால் எண்ணிக்கையில் அதன் இடம் அப்படியே இருக்கும். நான்குக்கு அடுத்து ஆறு திரைக்கு வரும். இதையே `Include hidden slides` என்ற தேர்வு இல்லாமல் பி.டி.எஃப் ஆக்கினால், அந்த ஸ்லைடு கோப்பில் இருக்காது. ஆறாவது ஸ்லைடு பி.டி.எஃப்பின் ஐந்தாம் பக்கத்தில் போய் உட்காரும். எழுதியவர் பவர்பாயிண்டைப் பார்த்து [6] போட்டிருக்கிறார், படிப்பவர் பி.டி.எஃப்பின் ஆறாம் பக்கத்தைத் திறக்கிறார், அங்கே வாடகைச் சட்டம் நிற்கிறது.

இதேபோல, சிலர் தலைப்பு ஸ்லைடைக் கணக்கில் சேர்க்க விரும்பாமல் `Design` > `Slide Size` > `Custom Slide Size` என்ற இடத்தில் `Number slides from` என்பதை 0 ஆக்கிவிடுவார்கள். அப்போது தலைப்பு 0, அடுத்தது 1. பி.டி.எஃப்பில் தலைப்புதான் முதல் பக்கம், ஆகவே எல்லாமே ஒன்று தள்ளி நிற்கும். இன்னும் மோசமானது கையேடாக அச்சிட்ட தாள்: ஒரு பக்கத்துக்கு ஆறு ஸ்லைடுகள் என்று அச்சிட்டால் நம் கோப்பு முழுவதும் இரண்டே பக்கத்தில் அடங்கிவிடும். அந்தத் தாளின் பக்க எண்ணைப் பார்த்து எண் போட்டால் சுருக்கம் முழுக்க [1], [2] மட்டும்தான் இருக்கும்.

நான் பின்பற்றச் சொல்வது, ஸ்லைடின் மூலையில் அச்சாகியிருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துவது. திரையில் பார்த்தாலும் தாளில் பார்த்தாலும் கையேட்டில் பார்த்தாலும் அந்த எண் மாறுவதில்லை. எண் அச்சாகவில்லை என்றால், பேச்சாளரிடம் சொல்லி `Insert` > `Slide Number` வழியாகச் சேர்த்து வாங்குங்கள். `Apply to All` கொடுத்தால் எல்லா ஸ்லைடிலும் வந்துவிடும். அப்படிச் செய்ய முடியாத நிலையில், கைக்கு வந்த பி.டி.எஃப்பின் பக்க எண்ணைப் பயன்படுத்தலாம். ஆனால் அதைச் சுருக்கத்தின் தலையில் எழுதிவிட வேண்டும்.

தலையில் எழுத வேண்டியது அதிகமில்லை. இரண்டு வரி போதும்:

"சதுர அடைப்புக்குள் இருப்பவை ஸ்லைடின் கீழ் மூலையில் அச்சான எண்கள். கோப்பு: பேச்சு நாளன்று பெறப்பட்ட பி.டி.எஃப், மொத்தம் 12 ஸ்லைடுகள், அவற்றில் ஸ்லைடு 5 மட்டும் பி.டி.எஃப்பில் இல்லை."

மொத்த எண்ணிக்கையைச் சொல்வது ஏன் முக்கியம் என்றால், படிப்பவர் கையில் 13 ஸ்லைடுகள் கொண்ட கோப்பு இருந்தால் அது வேறு பதிப்பு என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

சுருக்கத்தை இணையத்தில் போட்டு எண்களை இணைப்பாக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி: பி.டி.எஃப் முகவரியின் இறுதியில் பக்க எண்ணைச் சேர்த்தால் பெரும்பாலான உலாவிகள் நேராக அந்தப் பக்கத்தையே திறக்கும்.

```
george-town.pdf#page=5
```

இங்கே போட வேண்டியது பி.டி.எஃப்பின் பக்க எண். நம் மாதிரியில் [6] என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இணைப்பு `#page=5` என்றுதான் இருக்க வேண்டும், ஏனென்றால் மறைத்த ஸ்லைடு பி.டி.எஃப்பில் இல்லை.

எண்ணை எப்போது போடுவது, எப்படிச் சரிபார்ப்பது

சுருக்கத்தை முழுதாக எழுதி முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து எண் போடுவோம் என்று நினைக்காதீர்கள். அப்போது நடப்பது இதுதான்: வாக்கியத்தைப் படித்துவிட்டு அதற்கு ஒத்துவருகிற ஸ்லைடைத் தேடுகிறோம், தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும், அதன் எண்ணை ஒட்டுகிறோம். நம் வாக்கியத்தில் இருக்கும் "ஆல்", "பெரும்பாலும்" எதுவும் அப்போது கண்ணில் படாது. ஸ்லைடைப் பார்த்து வாக்கியத்தை எழுதி, அந்தக் கணமே எண்ணைப் போட்டுவிடுவதுதான் சரி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு மூன்று கட்ட அட்டவணையில் வரைவை எழுதிப் பாருங்கள். முதல் கட்டத்தில் வாக்கியம், இரண்டாவதில் எண், மூன்றாவதில் அந்த ஸ்லைடில் எந்த இடம் என்ற குறிப்பு: "நிலப்படத்தின் கீழ்ப் பெட்டி", "இரண்டாம் வரி", "கோட்டு வரைபடம்" என்று. மூன்றாவது கட்டத்தை வெளியிட வேண்டியதில்லை; அது எழுதுகிறவருக்கு மட்டும். அதை நிரப்ப முடியாமல் பேனா நிற்கும் வாக்கியம்தான் ஆதாரம் இல்லாத வாக்கியம்.

ஒரே செய்தி இரண்டு ஸ்லைடுகளில் இருந்தால், முழுமையாக உள்ளதன் எண்ணைக் கொடுங்கள். நம் கோப்பின் இரண்டாவது ஸ்லைடில் "யுனெஸ்கோ 2008" என்று தலைப்பு மட்டும் இருக்கும். நாளும் மாதமும் மூன்றாவதில்தான். ஆகவே [3]. இரண்டையும் போட்டால் கூடுதல் உறுதி கிடைத்துவிடாது, படிப்பவர் திறக்க வேண்டிய ஸ்லைடு ஒன்று கூடும்.

"இனி வாடகை விஷயத்துக்கு வருவோம்" போன்ற இணைப்பு வாக்கியங்களுக்கு எண் தேவையா என்று பலர் கேட்பதுண்டு. அவற்றில் செய்தி எதுவும் இல்லாததால் தேவையில்லை என்று ஒரு வாதம் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. எண் இல்லாத வாக்கியம் ஒன்று இருந்தால், அது வேண்டுமென்றே விட்டதா மறந்துபோனதா என்று படிப்பவரால் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்; எடுக்க முடியாவிட்டால் [தொகுப்பாளர்] என்று போடுங்கள். சுருக்கம் எழுதுகிறவர் தம் சொந்தக் கருத்தைச் சொல்ல நேர்ந்தாலும் இதே அடையாளம் உதவும்.

சரிபார்ப்பைப் பேச்சுக்கு வராத ஒருவரிடம் கொடுப்பது நல்லது. வந்தவருக்குப் பேச்சு நினைவில் இருக்கும்; ஸ்லைடில் இல்லாததையும் இருப்பதாக எடுத்துக்கொள்வார். வராதவர் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, சொன்ன ஸ்லைடைத் திறந்து, அந்த வாக்கியத்தைத் தாங்கும் சொல்லையோ எண்ணையோ படத்தையோ விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பவர்பாயிண்டில் திரையிடும் நிலையில் ஸ்லைடு எண்ணைத் தட்டி `Enter` அழுத்தினால் நேராக அங்கே போய்விடும். சுருக்கத்தின் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி வருவது நல்லது. ஸ்லைடு ஒன்று நடுவில் நுழைந்தோ மறைந்தோ போயிருந்தால், பிசகு பின்பகுதியில் உடனே தெரியும்.

பிசகு எப்படித் தெரிகிறது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். முதல் வாக்கியத்திலிருந்தே எல்லா எண்களும் ஒன்று தள்ளி இருந்தால், தலைப்பு ஸ்லைடை ஒருவர் எண்ணியிருக்கிறார், மற்றவர் எண்ணவில்லை. முன்பகுதி சரியாக இருந்து ஓர் இடத்துக்குப் பிறகு மட்டும் தள்ளிப்போனால், அந்த இடத்தில் ஒரு ஸ்லைடு மறைக்கப்பட்டிருக்கிறது அல்லது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு எண் மட்டும் பொருந்தாவிட்டால் அது தட்டச்சுப் பிழையாகவோ, எழுதியவர் பின்னால் தேடி ஒட்டிய எண்ணாகவோ இருக்கும்; அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி படித்துப் பாருங்கள்.

பேச்சு முடிந்த பிறகு பேச்சாளர் திருத்திய கோப்பை அனுப்புவது சாதாரணமாக நடக்கும். 1883-ஐ 1833 ஆக்கியிருப்பார், நான்காவது ஸ்லைடுக்குப் பின்னால் புதிதாக ஒரு படத்தைச் சேர்த்திருப்பார். அப்போது பழைய சுருக்கத்தில் [6] முதல் எல்லா எண்களும் ஒன்று கூட வேண்டும். கையால் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால் சில விட்டுப்போகும். தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தினால் பெரிய எண்ணிலிருந்து தொடங்குங்கள்: முதலில் 9-ஐ 10 ஆக்கி, பிறகு 8-ஐ 9, 7-ஐ 8, கடைசியில் 6-ஐ 7. சிறியதிலிருந்து தொடங்கினால் 6 ஏழாகி, அந்த ஏழு மறுபடி எட்டாகி, எல்லாம் கடைசியில் ஒரே எண்ணில் போய் முட்டும். தேடும்போது திறக்கும் அடைப்பைச் சேர்த்து `[8` என்று தேடுங்கள். வெறும் 8 என்று தேடினால் 2008இல் உள்ள எட்டும் 109.38இல் உள்ள எட்டும் மாறிவிடும். [4, 6] போல இரண்டு எண்கள் உள்ள அடைப்பில் இரண்டாவது எண்ணுக்கு முன்னால் திறக்கும் அடைப்பு இருக்காது. அவற்றை மட்டும் கண்ணால் பார்த்துக் கையால் மாற்றுங்கள். திருத்தம் சிறியது, பழைய கோப்பு எல்லோர் கையிலும் இருக்கிறது என்றால், சுருக்கத்தைத் தொடாமல் தலையில் உள்ள கோப்பு வரியை அப்படியே விட்டு, "புதிய பதிப்பில் கோயிலின் ஆண்டு திருத்தப்பட்டுள்ளது" என்று கீழே ஒரு வரி சேர்ப்பதே போதும்.